பஜனை நேரலையில் வரியும் சத்தமும் குழம்பினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

யாழ்ப்பாணத்தில் கோவில் மண்டபத்தில் மாலை ஆறரைக்குப் பஜனை தொடங்கினால், மாரிகாலத்தில் ரொரன்ரோவில் அப்போது காலை எட்டு மணி, லண்டனில் பகல் ஒரு மணி. அங்கே இருக்கிற எங்கள் சனம் பெரும்பாலும் போனில்தான் பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள் என்பதைவிடக் கூடவே பாடுகிறார்கள் என்று சொன்னால் சரி. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஆனால் பாடல் வரி பிழைத்தாலோ பாடுபவரின் குரல் கேட்காவிட்டாலோ உடனே செய்தி வரும். அதனால் நான் வரியையும் சத்தத்தையும் முதலில் பார்ப்பேன், படத்தைப் பிறகுதான். கீழே எழுதியிருப்பதும் அந்த ஒழுங்கில்தான்.

விண்டோஸ் லாப்டொப் ஒன்று, அதில் ஓபிஎஸ் மென்பொருள், எச்டிஎம்ஐ வயரில் கப்சர் கார்ட் வழியாக வரும் ஒரு ஹான்டிகம், சவுண்ட்ஸ்காரரின் மிக்ஸரிலிருந்து லைன் இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்ட்டுக்கு வரும் சத்தம். இவ்வளவுதான் ஏற்பாடு என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்தக் கோளாறு வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். ஓபிஎஸ்ஸில் `Start Recording` அழுத்தி இரண்டு நிமிடம் பதிவுசெய்து, ஹெட்போனில் மட்டுமல்லாமல் ஒரு போனிலும் போட்டுப் பாருங்கள். பதிவிலும் அதே கோளாறு இருந்தால் அது மண்டபத்துக்குள் இருக்கிறது, ரவுட்டரைத் தொட வேண்டாம். பதிவு வடிவாக இருந்து யூடியூபில் மட்டும் பிழை என்றால் நேரே கடைசிக்கு முந்திய பகுதிக்குப் போங்கள்.

## வரி தமிழாக வரவில்லை

### ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது

`mk;kh` என்பதுபோல் ஏதாவது தெரிந்தால் கோப்பு பாமினியில் அடிக்கப்பட்டது. எங்கள் பக்கத்துக் கோவில் மலர்களும் பாடல் புத்தகங்களும் நிறைய பாமினியில் அடித்தவைதான், ஆகவே பழைய கோப்பை யாராவது பென்டிரைவில் தந்தால் முதலில் இதையே சந்தேகியுங்கள். ஒரு வரியை எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் தமிழாகத் தெரிந்தால் யூனிகோட், ஆங்கிலமாகத் தெரிந்தால் பாமினி.

பஜனைக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் மாற்றப் போகாதீர்கள். லாப்டொப்பில் பாமினி எழுத்துருவை நிறுவி, ஓபிஎஸ்ஸை மூடித் திறந்து, `Text (GDI+)` இல் எழுத்துருவாகப் பாமினியைத் தெரிவுசெய்தால் அன்றைக்குப் போதும். நேரம் இருந்தால் இணையத்தில் இருக்கும் எழுத்துரு மாற்றியால் யூனிகோடுக்கு மாற்றி, எழுத்துருவை `Nirmala UI` ஆக வையுங்கள், அது விண்டோஸிலேயே வருகிறது.

மாற்றிய பிறகு ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்க்கத்தான் வேண்டும். பாமினிக் கோப்பு வேர்டில் அடிக்கப்பட்டிருந்தால், வரியின் முதல் எழுத்தை வேர்ட் தானாகவே ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கியிருக்கும். பாமினியில் சின்ன `m` அ, பெரிய `M` ஆ. அதனால் வரியின் தொடக்கத்தில் இருந்த அம்மா ஆம்மா ஆகிவிடுவா. அதேபோல் ம என்பது மு ஆகும், ச என்பது சு ஆகும். மாற்றி இதைக் கண்டுபிடிக்காது, அது கொடுத்ததை அப்படியே மாற்றும். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போனாலே முக்கால்வாசிப் பிழை அகப்பட்டுவிடும்.

### கொம்பு தனியாக நிற்கிறது, புள்ளி வட்டம் தெரிகிறது

கோ என்பதில் கொம்பும் அரவும் க-வை விட்டு விலகி நின்றால், எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாத இடத்தில் நீங்கள் தமிழை எழுதியிருக்கிறீர்கள். மாக்கிலும் லினக்ஸிலும் ஓபிஎஸ்ஸில் வரும் `Text (FreeType 2)` இப்படித்தான் செய்யும், எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. விண்டோஸில் எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்கள் வந்தால் அது வேறு, தெரிவுசெய்த எழுத்துருவில் தமிழே இல்லை, `Nirmala UI` போட்டால் சரியாகிவிடும்.

எந்தக் கணினியானாலும் எனக்குப் பிடித்த வழி படமாக்கிவிடுவது. பவர்பொயின்டில் வரிகளை அடித்து எல்லா ஸ்லைடையும் `PNG` ஆகச் சேமியுங்கள். ஓபிஎஸ்ஸில் `Image Slide Show` சேர்த்து, `Slide Mode` இல் `Manual` வைத்து, `Settings` இல் `Hotkeys` பகுதியில் அடுத்த ஸ்லைடுக்கும் முந்திய ஸ்லைடுக்கும் ஆளுக்கொரு விசை கொடுங்கள். எழுத்தெல்லாம் படமாகிவிட்டபடியால் அன்று மாலை கொம்பு விலகாது, எழுத்துரு இல்லை என்ற பேச்சும் வராது. பவர்பொயின்டையே `Window Capture` இல் காட்டுபவர்களுக்கு அடிக்கடி வரும் கறுப்புத் திரையும் இதில் இல்லை.

பச்சைப் பின்னணி போட்டு நீக்குவதை நான் செய்வதில்லை, எழுத்தின் ஓரத்தில் பச்சை ஒட்டிக்கொண்டே இருக்கும். ஸ்லைடைக் கறுப்பாக வைத்து, வரியை அடிப்பகுதியில் மட்டும் அடித்து, ஓபிஎஸ்ஸில் `Alt` விசையை அழுத்தியபடி மேல் ஓரத்தைக் கீழே இழுத்தால் மேற்பகுதி வெட்டுப்பட்டுப்போகும். கமராப் படத்தின் கீழே ஒரு கறுப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான்.

## வரி தமிழாக வருகிறது, ஆனால் பாட உதவவில்லை

### எழுத்து சின்னது, அல்லது மறைந்துபோகிறது

லாப்டொப் திரையில் பார்த்து அளவை முடிவுசெய்ய வேண்டாம். ஒரு போனில் நேரலையைத் திறந்து, நிமிர்த்திப் பிடித்து, கையை நீட்டிய தூரத்தில் வாசித்துப் பாருங்கள். நிமிர்த்திப் பிடிக்கும்போது படம் எவ்வளவு சின்னதாகிறது என்று அப்போதுதான் தெரியும். 1280 க்கு 720 படத்தில் எழுத்தின் உயரம் 50 பிக்ஸலுக்குக் கீழே போகாமலும், ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் இல்லாமலும் வைத்தால் வயதானவர்களும் வாசிக்கலாம். பட்டையின் அடியில் ஒரு விரல் அகலம் வெற்றிடம் விடுங்கள், இல்லாவிட்டால் பார்ப்பவர் திரையைத் தொடும்போது வரும் பொத்தான்கள் இரண்டாவது வரியின் மேலே ஏறிவிடும்.

வரியை மென்பொருள் தானாக முறிக்க விடவே கூடாது. இடமில்லை என்று அது கண்ட இடத்தில் முறித்தால் தாளம் தப்பும். சீர் முடிகிற இடத்தில், பாடுபவர் மூச்சு எடுக்கிற இடத்தில், நீங்களே முறியுங்கள். சந்தம் ஓடுகிற பாடல்களில் இது கட்டாயம்.

### வரி முந்துகிறது அல்லது பிந்துகிறது

இதில் மென்பொருளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, விசையை அழுத்துபவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். நேரலையைப் போனில் கேட்டுக்கொண்டு அழுத்தினால் எப்போதும் பிந்தும், ஏனென்றால் போனுக்கு வரும் சத்தம் பல வினாடி பழையது. அவர் மண்டபத்துச் சத்தத்தை நேராகக் கேட்க வேண்டும், முன்னால் இருந்து பாடுபவரின் வாய் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும்.

ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடும் பஜனையில், கூட்டம் வரியின் கடைசிச் சொல்லில் இருக்கும்போதே அடுத்த வரி வந்துவிட வேண்டும். அது முடிந்த பிறகு மாற்றினால் முன்பாடகர் அடுத்த வரியில் பாதி தாண்டியிருப்பார். ஒரே வரியை அவர் நான்கு தரம் பாடப்போகிறாரா, இரண்டு தரமா என்று சந்தேகமாக இருந்தால் மாற்றாமல் நில்லுங்கள். முந்திய வரி ஒரு வினாடி கூட நிற்பதால் யாரும் குழம்பமாட்டார்கள், பாடாத வரி வந்தால் எல்லாரும் குழம்புவார்கள்.

பஞ்சபுராணம் ஓதும்போது எந்தப் பாடலை எடுப்பது என்று ஓதுபவர் அந்த நேரத்தில்தான் தீர்மானிப்பார். அதனால் முன்கூட்டியே, "ஐயா, இண்டைக்கு என்னென்ன படிக்கப் போறியள்?" என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் மாறினால் காட்டுவதற்கு வெறும் கறுப்பு ஸ்லைட் ஒன்று வேண்டும், ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் ஒன்று போட்டுவிடுங்கள்.

## சத்தம் பிழை

### ஹெட்போனில் நன்றாகக் கேட்கிறது, போனில் குரல் இல்லை

எனக்குத் திரும்பத் திரும்ப வருகிற கோளாறு இது, ஆட்களை நன்றாகக் குழப்பும். மண்டபத்தில் லாப்டொப்புக்கு முன்னால் ஹெட்போன் போட்டிருக்கும் தம்பி "எல்லாம் கிளியர் அண்ணை" என்பார். வெளிநாட்டில் போனில் கேட்பவர்களோ ஏதோ கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல் தூரத்தில் கேட்கிறது என்று எழுதுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

அப்படியொரு மாலையில் நடந்ததைச் சொல்கிறேன். மிக்ஸரின் மெயின் அவுட்டிலிருந்து, இரண்டு வளையம் உள்ள பெரிய ஜாக்கில் தொடங்கிச் சின்ன ஸ்டீரியோ ஜாக்கில் முடிகிற ஒரு வயரால் சவுண்ட் கார்ட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். மெயின் அவுட்டில் இருந்து ஒரே சத்தம் இரண்டு கம்பியில் வரும், ஒன்று நேராக, மற்றது தலைகீழாக. நீண்ட வயரில் இரைச்சல் ஏறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. சவுண்ட் கார்ட்டோ அதை இடது, வலது என்று நினைத்துக்கொள்கிறது. ஹெட்போனில் ஒரு காதுக்கு ஒன்று என்று போவதால் கேட்கும், கொஞ்சம் தலைக்குள் சுற்றுவதுபோல் இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போன் இரண்டையும் கூட்டுகிறது, கூட்டினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஹான்டிகத்தின் மைக்கும் திறந்திருந்தது, அது பிடித்த மண்டபச் சத்தம்தான் அந்தக் கிணற்றுச் சத்தம்.

சோதிப்பது சுலபம். ஓபிஎஸ்ஸில் `Advanced Audio Properties` திறந்து, மிக்ஸர் வரும் வரிசையில் `Mono` என்பதைச் சரி போடுங்கள். ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் அடியில் விழுந்தால் கோளாறு இதுதான். அன்றைய மாலைக்கு `Balance` ஐ முழுதாக ஒரு பக்கம் தள்ளுங்கள், மீட்டர் எழும்பும், போனில் குரல் வந்துவிடும். அடுத்த முறைக்கு மிக்ஸரில் `REC OUT` அல்லது `TAPE OUT` என்று எழுதிய சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளைகளிலிருந்து எடுங்கள், அதற்கான வயர் எந்த எலக்ட்ரோனிக்ஸ் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். மிக்ஸரில் அப்படித் துளை இல்லையென்றால் சவுண்ட்ஸ்காரரிடம் ஒரு டிஐ பொக்ஸோ சரியான வயரோ கேளுங்கள், அவருக்கு உடனே விளங்கும்.

### குரல் கரகரக்கிறது

மீட்டர் சிவப்பில் நிற்கிறதா என்று பாருங்கள். சிவப்பில் நின்றால் மிக்ஸரில் லாப்டொப்புக்குப் போகும் அவுட்டைக் குறையுங்கள், ஓபிஎஸ்ஸில் குறைத்தால் கரகரப்பு சின்னச் சத்தத்தில் கேட்கும், போகாது. மிருதங்கமும் எல்லாரும் சேர்ந்து பாடுவதும் உச்சத்தில் இருக்கும்போது மீட்டர் மஞ்சளுக்குள் நிற்கும்படி வைத்தால் போதும். மீட்டர் பச்சையில் இருந்தும் கரகரத்தால் வயர் மைக் துளையில் செருகப்பட்டிருக்கும், லைன் துளைக்கு மாற்றுங்கள்.

### ஒரே ரீங்காரம்

லாப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓடவிடுங்கள். ரீங்காரம் நின்றால், லாப்டொப்பையும் மிக்ஸரையும் ஒரே பிளக் பொயின்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறது, அதை வயரின் நடுவில் போடுங்கள். பிளக்கின் ஏர்த் முள்ளை எடுத்துவிடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பாடுபவரின் உதட்டில் மைக் சுள்ளென்று அடிக்கிறது என்றாலோ, மிக்ஸரைத் தொட்டால் விறுவிறுக்கிறது என்றாலோ நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் மண்டபங்களில் இது இன்னும் கவனம்.

### தாளம் தட்டுவதும் கேட்பதும் சேரவில்லை

கமராப் படம் கப்சர் கார்ட் வழியாகச் சுற்றி வருவதால் பிந்தும், சத்தம் முந்தும். கைத்தாளம் போடுபவரைக் கமராவுக்கு முன்னால் இருத்தி மெதுவாகத் தட்டச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். `Advanced Audio Properties` இல் மிக்ஸருக்கு `Sync Offset` 100 கொடுத்துப் பாருங்கள், பிறகு 150, 200. இந்த எண் மில்லிசெக்கன், கூட்டினால் சத்தம் பிந்தும். இரண்டு தாளமும் முட்டுவதும் கிணுங்குவதும் சேர்கிற இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு தரம் கேட்டால், அதாவது எதிரொலிபோல, ஹான்டிகத்தின் மைக்கை ஓபிஎஸ்ஸில் மூடிவிடுங்கள், கூட்டம் பாடுவது கேட்க வேண்டுமானால் மண்டபத்துக்குத் தனி மைக் ஒன்றை மிக்ஸரில் போடுவது நல்லது.

தொடக்கத்தில் சேர்ந்திருந்து ஒரு மணி நேரத்தில் மெல்ல மெல்ல விலகினால் `Sync Offset` உதவாது. விண்டோஸில் சவுண்ட் கார்ட்டையும் ஓபிஎஸ்ஸில் `Sample Rate` ஐயும் இரண்டையுமே 48 கிலோஹேர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். அப்படியும் விலகினால் சவுண்ட் கார்ட்டை மாற்ற வேண்டிவரும்.

## படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது

எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், கமரா 60க்கு வைத்திருந்தால் மண்டபத்து லைட் ஒவ்வொன்றும் படத்தில் துடிக்கும். ஹான்டிகத்தில் ஷட்டரை 1/50 ஆக வையுங்கள். வெப்கமராவென்றால் `Configure Video` க்குள் `PowerLine Frequency` ஐ 50 ஆக்குங்கள். அலங்கார எல்ஈடி மாலை துடித்தால் அதற்கு மருந்தில்லை, கமராவைக் கொஞ்சம் திருப்புங்கள். தீபாராதனை நேரத்தில் கற்பூரச் சுடரைக் கண்டு படம் முழுக்க இருண்டுபோனால் முன்கூட்டியே எக்ஸ்போஷரைப் பூட்டிவையுங்கள். போனைக் கமராவாக வைத்திருப்பவர்கள் சுவாமி முகத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் அநேகமான போன்களில் பூட்டப்பட்டுவிடும்.

## பதிவு நல்லது, யூடியூபில் நின்று நின்று வருகிறது

ஓபிஎஸ்ஸில் `Stats` திறந்து எந்த எண் ஏறுகிறது என்று பாருங்கள். `Dropped Frames (Network)` ஏறினால் இணைப்பு. `Skipped frames due to encoding lag` ஏறினால் லாப்டொப்புக்கு மூச்சு முட்டுகிறது, அப்படியானால் 1080 ஐ விட்டு 720க்கு இறங்குங்கள், மற்ற மென்பொருள்களை மூடுங்கள்.

இணைப்பு என்றால் முதலில் வைஃபையை விட்டு ரவுட்டருக்கு வயர் போடுங்கள். அதற்குப் பிறகு அப்லோட் வேகத்தைப் பாருங்கள், டவுன்லோட் எவ்வளவு இருந்தாலும் இங்கே உதவாது. 720க்கு நான் வைப்பது 2500 கேபிபிஎஸ் படத்துக்கு, 128 சத்தத்துக்கு. இதற்கு அப்லோட் குறைந்தது 5 எம்பிபிஎஸ் நிலையாக வேண்டும். அதில் பாதிதான் இருக்கிறது என்றால் 480க்கு இறங்கி 1000 கேபிபிஎஸ் வையுங்கள், ஆனால் சத்தத்தின் 128 ஐக் குறைக்காதீர்கள். பகலில் சோதித்தது மாலைக்குச் செல்லாது. திருவிழாக் காலத்தில் சனம் கூடியதும் 4ஜி அலை படுத்துவிடும், நல்லூர் வீதியில் நிற்பவர்களுக்கு இது தெரியும். அதனால் சனம் வந்த பிறகு ஒருதரம் சோதியுங்கள்.

டேட்டா அட்டையில் ஓடுபவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன அளவில் மணிக்கு ஏறக்குறைய 1.2 ஜிபி போகும், மூன்று மணி நேரப் பஜனைக்கு நான்கு ஜிபி மீதி இருக்கட்டும். கரண்ட் போனால் லாப்டொப் பற்றரியில் நிற்கும், ரவுட்டர் நிற்காது, ரவுட்டருக்கென்று விற்கிற சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் நேரலை அறாது. இவ்வளவும் செய்து, 480இலும் `Dropped Frames` ஏறிக்கொண்டே போனால் மண்டபத்துக்கு பைபர் இணைப்பு எடுப்பதைப் பற்றி நிர்வாகத்தோடு கதைக்க வேண்டியதுதான்.

## நேரலை தொடங்கவே மாட்டேன் என்கிறது, அல்லது நடுவில் நிறுத்தப்படுகிறது

புதிய யூடியூப் சேனலில் நேரலையை முதல்முறை இயக்கினால் அனுமதி வர 24 மணி நேரம் வரை எடுக்கும், முதல் நாளே இயக்கிவிடுங்கள். போன் செயலியிலிருந்து நேரே போட வேண்டுமானால் சேனலில் 50 சந்தாதாரர் வேண்டும், லாப்டொப்பிலிருந்து போடுவதற்கு அந்தத் தடை இல்லை.

நடுவில் எச்சரிக்கை வந்தால், பஜனை தொடங்குமுன் ஸ்பீக்கரில் போட்ட பக்திப் பாடலைத்தான் பாருங்கள். பழைய திருமுறைகளுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது, ஆனால் அதைப் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உரிமைக்காரர் இருப்பார், யூடியூப் அந்த ஒலிப்பதிவை அடையாளம் கண்டுவிடும். எச்சரிக்கை வந்ததும் ஸ்பீக்கரில் பாட்டை நிறுத்துங்கள், தொடர்ந்து ஓடினால் நேரலையையே வெட்டிவிடுவார்கள். நேரலையைத் தொடங்கி வைத்துக் காத்திருக்கும் நேரத்தில் ஓபிஎஸ்ஸில் மிக்ஸரை மூடிவைத்து, கோவில் பெயரும் தொடங்கும் நேரமும் எழுதிய ஒரு படத்தைக் காட்டுங்கள். ஐயா முதல் அடியை எடுக்கிறபோது மிக்ஸரைத் திறந்தால் போதும்.